28 என்பது குறைவா, அதிகமா?

ஏபிஜி எனப்படும் தமனி ரத்த வாயுப் பரிசோதனையில் அமில–கார நிலையைச் சொல்லும் எண்கள் மூன்றுதான். pH 7.35 முதல் 7.45 வரை, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 வரை, பைகார்பனேட் 22 முதல் 26 வரை இருந்தால் நார்மல். இந்த எல்லைகளை மனப்பாடம் செய்துகொண்டு, கூடியதற்கு மேல்நோக்கி ஓர் அம்பு, குறைந்ததற்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டால் அசிடோசிஸா அல்கலோசிஸா என்று தெரிந்துவிடும் என்ற தைரியத்தில்தான் நர்சிங் மாணவர்கள் பலர் நார்செட்டுக்கும் எம்.ஆர்.பி. தேர்வுக்கும் போகிறார்கள். பாதிக் கேள்விகளுக்கு அது போதும். ஆனால் அந்த எல்லைகள் நோயில்லாதவரின் ரத்தத்துக்கு வகுக்கப்பட்டவை. நோயாளிக்கு எந்த எண் சரி, எது தப்பு என்பதை அவருடைய மற்ற இரண்டு எண்கள்தான் முடிவு செய்யும். அம்புகள் இதைக் காட்டுவதில்லை.

நம்பிக்கை: பைகார்பனேட் கூடியிருந்தால் அல்கலோசிஸ்தான்.

பைகார்பனேட் காரம், அது கூடினால் ரத்தம் காரமாகத்தானே இருக்கும்? தேர்வறையில் மட்டும் வரும் தடுமாற்றம் இல்லை இது. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது அனுபவமுள்ள மருத்துவர்களே இதில் சறுக்கினார்கள். பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் முடங்கிய நோயாளிகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தனர். அன்றைய ஆய்வகம் ரத்தத்தில் உள்ள மொத்தக் கார்பன் டை ஆக்சைடை அளந்து கொடுத்தது. அந்த அளவில் பெரும்பகுதி பைகார்பனேட்தான். அது மிக அதிகமாக இருந்ததைப் பார்த்து, காரணம் புரியாத ஏதோ அல்கலோசிஸ் என்று முடிவு கட்டினார்கள்.

மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை ஏற்கவில்லை. நோயாளிகளால் மூச்சை வெளியே தள்ள முடியவில்லை, கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்குகிறது, பைகார்பனேட் கூடியிருப்பது அதன் விளைவு என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையை அழுத்திக் கையாலேயே மூச்சு கொடுத்துக் காட்டினார். அவள் தேறினாள். அதன்பின் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளுக்குப் பையை அழுத்தினார்கள். ரத்தத்தின் pH-ஐ நேரடியாக அளந்து பார்த்தபோது அது அமிலமாக இருந்தது. மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் போல் ஆஸ்ட்ரப் இந்த அளவீட்டை வாடிக்கையாக்கினார். இன்று நாம் ஏபிஜி சீட்டில் பார்ப்பது அந்த வேலையின் வாரிசுதான்.

உண்மை: கட்சி எது என்பதை pH சொல்லும். 7.40-க்குக் கீழே சாய்ந்தால் அமிலப் பக்கம், மேலே சாய்ந்தால் காரப் பக்கம். அதன்பிறகு, pH சாய்ந்த திசைக்குப் பொருந்தும் எண்ணைத் தேடுங்கள். கார்பன் டை ஆக்சைடு அமிலம், பைகார்பனேட் காரம். pH குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடியிருந்தால் மூச்சில் கோளாறு. pH குறைந்து பைகார்பனேட்டும் குறைந்திருந்தால் வளர்சிதை மாற்றத்தில் கோளாறு. பொருந்தாத மற்ற எண், ஈடுகட்டப் பார்க்கிறது.

பல வருடம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர் ஒருவரின் சீட்டில் pH 7.35, கார்பன் டை ஆக்சைடு 60, பைகார்பனேட் 32 என்று இருக்கட்டும். பைகார்பனேட்டை மட்டும் பார்த்தால் அல்கலோசிஸ் என்று தோன்றும். ஆனால் pH 7.40-க்குக் கீழே, அமிலப் பக்கம். கார்பன் டை ஆக்சைடு 60 அந்தத் திசைக்குப் பொருந்துகிறது. முழுமையாக ஈடுகட்டப்பட்ட சுவாச அசிடோசிஸ் என்பதே தேர்வில் மதிப்பெண் தரும் விடை.

தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்தவருக்கும் கார்பன் டை ஆக்சைடு 60 இருக்கலாம். அவருடைய பைகார்பனேட் 26-ஐத் தாண்டியிருக்காது, pH 7.26-க்கு விழுந்திருக்கும். சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து முடிக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எனவே சுவாச அசிடோசிஸில் பைகார்பனேட் நோயின் வயதைச் சொல்லும் எண். மூச்சுக் கோளாறு நேற்று வந்ததா, நெடுநாளாக இருக்கிறதா என்று கேள்வியில் சொல்லாவிட்டாலும் அதிலிருந்தே தெரியும்.

நம்பிக்கை: அசிடோசிஸில் கார்பன் டை ஆக்சைடு 35-க்குக் கீழே இருந்தால் நுரையீரல் சரியாக ஈடுகொடுக்கிறது.

நான் பார்த்தவரை அதிகம் பேர் நம்புவதும், அதிகம் ஆபத்தானதும் இதுதான். ஒரு கேள்வியை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்.

22 வயதுப் பெண். முதல் வகை நீரிழிவு. இரண்டு நாளாக இன்சுலின் போடவில்லை. சர்க்கரை 480, சிறுநீரில் கீட்டோன் இருக்கிறது. அரைத் தூக்கத்தில் கிடக்கிறாள், மூச்சு நிமிடத்துக்கு 18. ஏபிஜியில் pH 7.08, கார்பன் டை ஆக்சைடு 28, பைகார்பனேட் 8.

pH அமிலப் பக்கம். பைகார்பனேட் படுகுறைவு, திசை பொருந்துகிறது. வளர்சிதை அசிடோசிஸ், நீரிழிவுக் கீட்டோ அசிடோசிஸ். கார்பன் டை ஆக்சைடு 28 நார்மலுக்குக் கீழே இருக்கிறது, pH இன்னும் நார்மலுக்கு வரவில்லை. ஆகவே ‘பகுதி ஈடுகட்டப்பட்ட வளர்சிதை அசிடோசிஸ்’. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நர்சிங் தேர்வில் இந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கும். வார்டில் இத்தோடு நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்கு வந்திருக்கும் இரண்டாவது ஆபத்து கண்ணில் படாது.

உண்மை: நுரையீரல் எவ்வளவு ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1967-இல் வெளியான ஆய்வில் வின்டர்ஸும் அவருடைய சகாக்களும் அதைத் தந்தார்கள். பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால், இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். இரண்டு புள்ளி முன்பின் இருக்கலாம்.

இவளுக்கு 8 × 1.5 = 12, அதோடு 8 சேர்த்தால் 20. கார்பன் டை ஆக்சைடு 18-க்கும் 22-க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 28. நார்மல் பட்டியலில் அது குறைவு, இவளுக்கு அது அதிகம். அதாவது வளர்சிதை அசிடோசிஸின் மேல் சுவாச அசிடோசிஸும் ஏறியிருக்கிறது. மருத்துவ மேற்படிப்புத் தேர்வில் இதே எண்களுக்கு ‘கலப்பு அசிடோசிஸ்’ என்பதே சரியான விடை. ஒரே சீட்டுக்கு இரண்டு தேர்வில் இரண்டு விடை என்பது மாணவர்களுக்கு எரிச்சலூட்டும்தான். கலப்பு என்ற விடை பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

கணக்குப் போட நேரமில்லை என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வளர்சிதை அசிடோசிஸில் நுரையீரல் ஒழுங்காக ஈடுகொடுத்தால், கார்பன் டை ஆக்சைடு pH-இன் புள்ளிக்குப் பிந்தைய இரண்டு இலக்கங்களுக்கு அருகில் இருக்கும். 7.22 என்றால் ஏறக்குறைய 22. இவளிடம் 08-க்கும் 28-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே சந்தேகத்தைக் கிளப்பப் போதும். pH 7.10-க்குக் கீழே போனால் இந்தக் குறுக்கு வழி அவ்வளவு நம்பகமில்லை, அப்போது கணக்குதான் துணை. அந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. அது வளர்சிதை அசிடோசிஸுக்கு மட்டும் பொருந்தும். நுரையீரல் முழுதாக ஈடுகொடுக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும் என்பதால், சற்றுமுன் தொடங்கிய அசிடோசிஸில் அது ஏமாற்றலாம்.

எண் சொன்னதையே நோயாளியும் சொல்கிறாள். இவ்வளவு அமிலம் ஏறினால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்க வேண்டும். நிமிடத்துக்கு 18 தடவை, அதுவும் அரைத் தூக்கத்தில் என்றால், மூச்சுத் தசை களைத்திருக்கலாம், பொட்டாசியம் இறங்கியிருக்கலாம், நிமோனியா இருக்கலாம், யாராவது தூக்க ஊசி போட்டிருக்கலாம். ‘மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது, தேறிவிட்டாள்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

வென்டிலேட்டர் போட்டாலும் இதே நம்பிக்கை பின்தொடர்ந்து வரும். கார்பன் டை ஆக்சைடை ‘நார்மல்’ 40-க்குக் கொண்டுவர யாராவது மெஷினை நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்துவிடுவார்கள். கார்பன் டை ஆக்சைடை 24-ஆல் பெருக்கிப் பைகார்பனேட்டால் வகுத்தால் ஹைட்ரஜன் அயனியின் அளவு வரும். நார்மலில் அது 40. இந்தப் பெண்ணுக்கு இப்போது 24 × 28 ÷ 8 = 84, அதற்குரிய pH 7.08. சீட்டில் இருப்பதும் அதுவே, எனவே சீட்டின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. கார்பன் டை ஆக்சைடை 40 ஆக்கினால் 24 × 40 ÷ 8 = 120. pH 6.92. மானிட்டரில் அழகான 40 தெரியும்போது இதயம் நின்றுபோகும் ஆபத்தின் விளிம்பில் நோயாளி இருப்பாள்.

நம்பிக்கை: மூன்று எண்ணும் நார்மல் என்றால் அமில–காரக் கோளாறு இல்லை.

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் நான்கு நாளாக வாந்தி எடுத்துவிட்டு வருகிறார். pH 7.40, கார்பன் டை ஆக்சைடு 40, பைகார்பனேட் 24. இதைவிட நார்மலான ஏபிஜி கிடைக்காது.

உண்மை: ஏபிஜி சீட்டின் பக்கத்திலேயே எலக்ட்ரோலைட் சீட்டையும் வையுங்கள். சோடியம் 140, குளோரைடு 90. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது அனயான் இடைவெளி. இங்கே 140 − 114 = 26. வழக்கமாக அது 12-ஐத் தாண்டாது. ஆல்புமின் குறைந்தவருக்கு, குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூடிய இடைவெளியும் நார்மல்போல் தெரியும்.

26 என்றால் 14 அதிகம். சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத அமிலம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த அமிலம் ஏறக்குறைய 14 பைகார்பனேட்டைத் தின்றிருக்கும். அப்படியிருந்தும் மிச்சம் 24 இருக்கிறதென்றால், அமிலம் சேராவிட்டால் 38 இருந்திருக்கும். வாந்தியில் வயிற்று அமிலம் போனதால் வந்த வளர்சிதை அல்கலோசிஸ் அது. இரண்டு நோய்கள் எதிரெதிராக இழுத்து எண்களை நடுவில் நிறுத்தியிருக்கின்றன. வாந்திக்கு ஊசி போட்டு, சலைன் ஏற்றி அல்கலோசிஸை மட்டும் சரிசெய்து, சிறுநீரகத்தை அப்படியே விட்டுவிட்டால், அடுத்து எடுக்கும் ஏபிஜியில் பைகார்பனேட் 10-ஐ நோக்கி இறங்கியிருக்கும். அப்போது அவருக்கு இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு 23 அளவில் வரும்.