தாழ்சர்க்கரையின் எச்சரிக்கை ஏன் மங்குகிறது?

முதல் வகை நீரிழிவுடன் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் மருத்துவரிடம் அடிக்கடி கூறும் செய்தி ஒன்று உண்டு. "முன்பெல்லாம் சர்க்கரை 65-க்கு இறங்கினாலே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இப்போது 50-க்குக் கீழே போனாலும் ஒன்றும் தெரிவதில்லை" என்பார்கள். உடல் தாழ்சர்க்கரைக்குப் பழகிவிட்டது, இனி அஞ்ச வேண்டியதில்லை என்று அவர்களுள் சிலர் கருதுகின்றனர். ஆனால் சர்க்கரை அதே அளவில்தான் தாழ்கிறது. மூளைக்கு நேரும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய ஹார்மோன்கள் உரிய நேரத்தில் சுரக்கவில்லை என்பதே இந்த அமைதியின் பொருள். இது எவ்வாறு நேர்கிறது, இதில் எவ்வளவு திரும்பப் பெறலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதில் வரும் சர்க்கரை அளவுகள் அனைத்தும் உங்கள் குளுக்கோமீட்டர் காட்டும் அளவுகளே. அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

நலமான உடலின் மூன்று அரண்கள்

மூளை பெரும்பாலும் குளுக்கோஸைக் கொண்டே இயங்குகிறது. ஆனால் அதைப் போதிய அளவு சேமித்து வைக்க மூளையால் இயலாது. ஆகவே இரத்தச் சர்க்கரை தாழாமல் காக்க, உடல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அரண்களை அமைத்திருக்கிறது.

சர்க்கரை ஏறத்தாழ 80-க்கு இறங்கும்போதே கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. இது முதல் அரண். இன்சுலின் குறைந்தால் தசைகள் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸ் குறையும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளிவிடும். நலமான ஒருவருக்குப் பெரும்பாலான நாள்களில் இதுவே போதுமானது.

சர்க்கரை மேலும் இறங்கி 70-க்குச் சற்றுக் கீழே வரும்போது, கணையத்தின் ஆல்பா செல்கள் குளுக்ககான் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இது இரண்டாம் அரண். கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கப்பட்டுள்ள சர்க்கரையைக் குளுக்ககான் சில நிமிடங்களில் வெளிக்கொணர்கிறது.

ஏறத்தாழ அதே கட்டத்தில் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இது மூன்றாம் அரண். குளுக்ககான் செயல்படும்வரை இதன் உதவி பெரிதாகத் தேவைப்படாது. குளுக்ககான் தவறினாலோ முழுப் பொறுப்பும் இதன்மேல் விழுகிறது. அட்ரினலினும் அதனோடு தூண்டப்படும் நரம்புகளும் சேர்ந்தே நடுக்கம், படபடப்பு, வியர்வை ஆகியவற்றை உண்டாக்குகின்றன. நலமான ஒருவருக்கு ஏறத்தாழ 55 என்ற அளவில் இவை புலப்படத் தொடங்கும். அவை, "உடனே ஏதேனும் உண்" என்று உடல் நமக்கு இடும் கட்டளை. கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூட அப்போது உயர்கின்றன. ஆயினும் அவற்றின் பயன் தெரியச் சில மணி நேரம் ஆகும். உடனடி மீட்பில் அவற்றுக்குப் பங்கு குறைவு.

முதல் இரு அரண்கள் எவ்வாறு வீழ்கின்றன?

முதல் வகை நீரிழிவில் இன்சுலின் ஊசி வழியாகவே உடலுக்குள் வருகிறது. தோலுக்கடியில் செலுத்தப்பட்ட மருந்து, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதை அறியாது. அளவு 60 ஆனாலும் 45 ஆனாலும் அது கசிந்து இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும். எனவே முதல் அரண் நோயின் தொடக்கத்திலேயே இல்லாமற்போகிறது.

இரண்டாம் அரணின் வீழ்ச்சி வியப்புக்குரியது. இந்நோயில் அழிவன பீட்டா செல்கள். குளுக்ககானைச் சுரக்கும் ஆல்பா செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. புரதம் மிகுந்த உணவை உண்டால் அவை இன்றும் குளுக்ககானைச் சுரக்கும். ஆனால் சர்க்கரை தாழும்போது மட்டும் வாளாவிருக்கின்றன. நலமான கணையத்தில், அருகிலுள்ள பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் ஆல்பா செல்களை அடக்கி வைத்திருக்கிறது. சர்க்கரை தாழ்ந்ததும் அந்த இன்சுலின் சட்டென்று குறைய, அடக்கம் நீங்கிக் குளுக்ககான் பெருகுகிறது. பீட்டா செல்களே இல்லாதபோது, குறைவதற்கு அங்கே இன்சுலின் இல்லை. ஆகவே ஆல்பா செல்களுக்குச் செய்தி எட்டுவதில்லை. நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோரிடம் இந்த இழப்பு ஏற்பட்டுவிடுகிறது.

மூன்றாம் அரணைத் தளர்த்துவது எது?

இப்போது எஞ்சியிருப்பது அட்ரினலின் மட்டுமே. அதை மங்கச் செய்யும் முதன்மையான காரணம், அண்மையில் ஏற்பட்ட தாழ்சர்க்கரையே ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் கிரையரும் சைமன் ஹெல்லரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நீரிழிவு இல்லாதவர்களுக்கு ஒரு பிற்பகலில் சர்க்கரையைக் கட்டுப்பாட்டுடன் தாழச் செய்தார்கள். மறுநாள் காலையில் மீண்டும் தாழச் செய்தபோது, அட்ரினலினும் குறைவாகவே சுரந்தது. அறிகுறிகளும் குறைவாகவே தோன்றின. ஒரேயொரு தாழ்சர்க்கரையே மறுநாளின் எச்சரிக்கையை மங்கச் செய்யப் போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு சுழல் உருவாவதைக் காணலாம். சர்க்கரை ஒருமுறை தாழ்கிறது. அதனால் அடுத்த முறை அட்ரினலின் இன்னும் தாழ்ந்த அளவில்தான் சுரக்கிறது. அறிகுறி தாமதமாவதால் நோயாளி உண்ணாமல் இருந்துவிடுகிறார். சர்க்கரை இன்னும் தாழ்கிறது. எச்சரிக்கை 45-இல்தான் வருமென்றால், அதற்கு முன்பே, அதாவது ஏறத்தாழ 50-க்குக் கீழேயே, மூளை தடுமாறத் தொடங்கிவிடும். உண்ண வேண்டும் என்று முடிவெடுக்கும் திறனே அப்போது இருப்பதில்லை. உறக்கத்திலும் அட்ரினலின் மந்தமாகவே எழுகிறது. கடும் உடலுழைப்புக்குப் பின்னும் அவ்வாறே. ஆகையால் இரவில் வரும் தாழ்சர்க்கரை பலருக்குத் தெரியாமலே இந்தச் சுழலைத் தொடக்கி வைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

மருத்துவமனையில் பலரிடம் காணும் நிலைமைகளை ஒன்றுசேர்த்து, ஒருவரின் கதையாக இங்கே தருகிறேன். அவர் 36 வயதுப் பள்ளி ஆசிரியை. 19 ஆண்டுகளாக முதல் வகை நீரிழிவு உள்ளவர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 விழுக்காடு. குடும்பத்தார் அதை நல்ல கட்டுப்பாடு என்று மகிழ்ந்திருந்தனர். கணவருக்கு மட்டும் ஒரு கவலை: சில காலைகளில் மனைவி காரணமின்றிச் சினக்கிறார், கேட்ட கேள்விக்குப் பதில் கூறாமல் வெறித்துப் பார்க்கிறார்.

இரண்டு வாரங்களுக்கு உணவுக்கு முன்னும், படுக்கும் முன்னும், அதிகாலை 3 மணிக்கும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வரச் சொன்னோம். குறிப்பேட்டில் 60-க்குக் கீழே ஒன்பது அளவுகள் இருந்தன. அவற்றுள் இரண்டை மட்டுமே அவர் தாமாக உணர்ந்திருந்தார். ஒரு புதன்கிழமை மாலை அவர் நெடுநேரம் நடந்திருக்கிறார். அன்றிரவு 3 மணிக்குச் சர்க்கரை 52. அளந்து பார்த்தவர் கணவர், அவரோ அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் மதிய உணவுக்கு முன் 44. அப்போதும் வியர்வையோ நடுக்கமோ இல்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் ஒரே தாளுக்கு இருமுறை மதிப்பெண் இட்டிருந்தார். இரவின் தாழ்வு மறுநாளின் எச்சரிக்கையை அடக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 6.3 என்ற சராசரி அழகாகத் தோன்றியதற்கும் இத்தகைய தாழ்வுகள் ஒரு காரணம்.

சிகிச்சையின் நோக்கம் ஒன்றே: சில வாரங்களுக்கு ஒருமுறையேனும் 70-க்குக் கீழே செல்லாதிருத்தல். இரவில் போட்டுவந்த நீண்ட நேர இன்சுலினை 20 யூனிட்டிலிருந்து 16 ஆக்கினோம். உணவுக்கு முன் 80 என்றிருந்த இலக்கை 110 முதல் 150 வரை என உயர்த்தினோம். படுக்கும்போது 120-க்குக் கீழே இருந்தால் சிறிது உண்ட பின்பே உறங்க வேண்டும். மாலை நடந்த நாள்களில் அன்றைய இன்சுலினைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். நான்காம் வாரத்தில் ஒருநாள் சர்க்கரை 63 ஆனபோது அவருக்குக் கை நடுங்கியது. பல ஆண்டுகளுக்குப் பின் அவரே முதலில் உணர்ந்து குளுக்கோஸ் அருந்தினார். எச்பிஏ1சி 7 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது. அந்தச் சிறு உயர்வை நாங்கள் அறிந்தே ஏற்றுக்கொண்டோம்.

எது திரும்பும், எது திரும்பாது?

இரண்டு மூன்று வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தாழ்சர்க்கரையைக் கவனமாகத் தவிர்த்தால், அறிகுறிகளை உணரும் திறன் பெரும்பாலோருக்குத் திரும்புகிறது. அட்ரினலின் சுரப்பு ஓரளவே மீள்கிறது. சிலரிடம் அதுவும் மிகக் குறைவு. குளுக்ககான் அரண் திரும்புவதில்லை. எனவே உணர்வு திரும்பிய பிறகும் பழைய இறுக்கமான இலக்குக்குச் சென்றால், சில நாள்களிலேயே எச்சரிக்கை மீண்டும் மங்கிவிடும். இந்த எடுத்துக்காட்டிலுள்ள அளவுகள் அந்த ஆசிரியைக்கு மட்டுமே உரியவை. தாழ்சர்க்கரைக்கு அஞ்சி இன்சுலினைத் தாமாக நிறுத்துவது, முதல் வகை நீரிழிவில் உயிருக்கே ஆபத்தான கீட்டோன் மிகுதியை விளைவிக்கும். உங்கள் குறிப்பேட்டுடன் மருத்துவரைச் சந்தித்த பின்பே அளவை மாற்றுங்கள்.

குடும்பத்தார் கவனத்துக்கு

நோயாளியின் உள்மணி ஒலிக்காதபோது, அருகிலிருப்போரின் கண்களே அவருக்குக் காவல். குழறும் பேச்சு, காரணமற்ற சினம், வெறித்த பார்வை, வழக்கமான வேலையில் தடுமாற்றம் ஆகியவை மூளைக்குச் சர்க்கரை போதவில்லை என்பதைக் காட்டுபவை. அப்போது அவரிடம் "சர்க்கரை குறைந்திருக்கிறதா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலை நம்பி நின்றுவிடாதீர்கள். உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து அவரால் விழுங்க முடியுமானால், 15 கிராம் குளுக்கோஸ் தூளை, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டியை, நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, உயரவில்லை எனில் மறுமுறையும் கொடுங்கள்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்து, போடும் முறையையும் கற்றிருந்தால், பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம் தசையில் போடலாம். அவரது கணையம் தர மறந்த அதே ஹார்மோனை நாம் வெளியிலிருந்து தருகிறோம். ஆனால் அது கல்லீரலின் சேமிப்பை நம்பியே செயல்படுவது. நெடுநேரம் பட்டினி கிடந்தவருக்கும் மது அருந்தியவருக்கும் அதன் பயன் குறையலாம். ஆதலால் ஊசி போட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் தாமதம் கூடாது.

மீண்டு எழுந்தபின் அன்றைய நாளையும் அளவையும் அறிகுறி தெரிந்ததா இல்லையா என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் எச்சரிக்கை இன்னும் மங்கியே இருக்கும் என்பதால், அந்த ஒரு நாளில் வழக்கத்தைவிடக் கூடுதலான முறை சர்க்கரையைப் பார்ப்பதும் இரவு 3 மணிக்கு ஒருமுறை அளப்பதும் கட்டாயம்.