பட்டுப்புடவை விலை: தங்கத்துக்கா கொடுக்கிறோம்?

புதுச்சேரியில் பட்டெடுக்க வருகிறவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. பாண்டியில் வரி குறைவு, அதனால் புடவையும் மலிவு என்பது ஒன்று. முதலில் இதை முடித்துவிடலாம். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அதன் பிறகு பல ஆண்டுகளும் இந்த ஊரின் வரி வேறாகத்தான் இருந்தது. சாராயத்துக்கும் பெட்ரோலுக்கும் இன்றும் வேறுதான், ஏனென்றால் அவை ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. பட்டுப்புடவை அப்படியல்ல. 2017 ஜூலை 1 முதல் நேரு வீதியிலும் காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலும் அதற்கு ஒரே வரி, 5 சதவீதம். கோரிமேட்டைத் தாண்டுவதால் பில்லில் ஒரு ரூபாய்கூட வரி மாறாது.

இரண்டாவது நம்பிக்கை ஆழமானது: விலை ஏறுவதற்குக் காரணம் ஜரிகையில் இருக்கும் தங்கம், அதனால் கையில் தூக்கிப் பார்த்துக் கனமாக இருந்தால் அந்த விலைக்குத் தகும். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஏமாறுவதும் எளிதாகிறது. அசல் ஜரிகை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் புரியும். சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல் நடுவில் இருக்கும். செம்பு கலந்த வெள்ளியை மயிரிழையாக இழுத்து, தட்டையாக்கி, அந்த நூல்மேல் சுற்றுவார்கள். கடைசியில் அதற்குத் தங்க முலாம். அசல் ஜரிகைக்குத் தமிழ்நாட்டில் வகுத்திருக்கும் அளவு தங்கம் அரை சதவீதம், வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24. ஜரிகையை ‘மார்க்’ கணக்கில் வாங்குவார்கள்; ஒரு மார்க் சுமார் 240 கிராம். (பொன்னும் வெள்ளியும் நிறுக்கப் பழைய பிரான்சில் இருந்த எடைக்கும் மார்க் என்றுதான் பெயர், அது சுமார் 245 கிராம்.)

ஒரு முகூர்த்தப் புடவையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் நாளுக்கு நாள் மாறுவதால், வசதிக்காகத் தங்கம் கிராம் 12,000 ரூபாய், வெள்ளி 150 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வாசகர் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளலாம். புடவையில் அரை மார்க், அதாவது 120 கிராம் ஜரிகை. அதில் தங்கம் 0.6 கிராம், ஒரு மூக்குத்தி அளவு. மதிப்பு 7,200 ரூபாய். வெள்ளி 48 கிராம், அதுவும் 7,200 ரூபாய். செம்பு, நூல், இழுக்கும் கூலி எல்லாம் சேர்த்து ஜரிகைக்கு 16,000 ஆகும். முறுக்கிச் சாயம் தோய்த்த பட்டு அரைக் கிலோ, கிலோ 7,000 என்றால் 3,500. கரையும் உடலும் தனித்தனி நாடாவில் ஓடி இணையும் கோர்வை நெசவுக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர்களுடைய கூலி 8,000. பாவு போட முதல் கொடுத்து நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவரின் செலவும் லாபமும் 2,500. ஆக, புடவை கடைக்குள் நுழையும்போது 30,000. கடை அதன்மேல் 50 சதவீதம் வைத்தால் 45,000, வரியோடு 47,250. நாம் கொடுக்கும் பணத்தில் தங்கம் ஏழில் ஒரு பங்குதான். பட்டு அதிலும் பாதி. தறியில் இரண்டு பேர் பன்னிரண்டு நாள் உட்கார்ந்ததற்கு ஆறில் ஒரு பங்கு; தலைக்கு நாளொன்றுக்கு 333 ரூபாய்.

இப்போது அதே பட்டு, அதே கோர்வை, அதே 120 கிராம் ஜரிகை. ஆனால் ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி, மேலே பொன்னிறப் பூச்சு. ஜரிகைச் செலவு 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அடக்கம் 14,500, அதே 50 சதவீதத்தில் கடைவிலை 21,750. தராசில் வைத்தால் இரண்டு புடவையும் ஒன்றுதான். ஆகவே எடை விலையைச் சொல்லாது. அந்த எடைக்குள் வெள்ளி எவ்வளவு என்பதுதான் சொல்லும். இந்த இரண்டாவது புடவையை வாங்குவதில் குற்றமில்லை, கட்டிக்கொள்ள நன்றாகவே இருக்கும். அதை 45,000க்கு விற்பதுதான் குற்றம்.

‘பட்டு முத்திரை இருக்கிறதே, அது போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. மத்திய பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். ஜரிகையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கைத்தறி முத்திரை நெசவு கைத்தறியில் நடந்ததா என்பதை மட்டும் பேசும். முத்திரை ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில், விலையைத் தூக்கும் கேள்விக்கு இரண்டுமே பதிலில்லை. ஜரிகையைச் சுரண்டிச் சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பதும் முழுச் சோதனையல்ல. போலி ஜரிகைக்கும் நடுநூலுக்குச் சிவப்புச் சாயம் போட யாரும் தடை சொல்வதில்லை. புடவையைக் கெடுக்காமல் உலோகத்தின் பங்கைக் காட்டும் எக்ஸ்ரே கருவிச் சோதனையே நம்பத் தகுந்தது.

கடைக்காரரின் 50 சதவீதம் கொள்ளையா? அப்படிச் சொல்லிவிடுவது நியாயமாகாது. கல்யாணப் புடவை ஓராண்டு அலமாரியில் கிடக்கலாம். 30,000 ரூபாய்ச் சரக்குக்கு 12 சதவீத வட்டி என்றாலே 3,600. வாடகை, ஏசி, நாலு மணிநேரம் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டு மடிக்கும் ஆட்கள், அத்தனைக்கும் பிறகு ‘பார்த்துட்டு வரோம்’ என்று எழுந்து போகும் குடும்பங்கள், எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள்தான் வருகின்றன. என் ஆட்சேபம் லாபத்தின் அளவில் இல்லை, அதைப் போடும் முறையில் இருக்கிறது. வெள்ளி கிராமுக்கு 50 ரூபாய் ஏறினால் நம் புடவையின் அடக்கம் 2,400 கூடும். 50 சதவீதம் சேர்த்து வாடிக்கையாளர் வரிக்கு முன் 3,600 கூடுதலாகக் கொடுப்பார். இடையில் உள்ள 1,200 கடைக்குப் போகிறது. கூடுதல் முதலுக்கு வட்டி 288 ரூபாய்தான். வாடகையோ ஆள் சம்பளமோ வெள்ளியோடு சேர்ந்து ஏறுவதில்லை. நெய்தவருக்கு இந்த ஏற்றத்தில் ஒரு காசும் இல்லை. அவர் கூலி ஒரு புடவைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தது. ‘கூலி கூடிப்போச்சுங்க, அதான் விலை’ என்று கவுன்டரில் சொல்லும் சமாதானத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். கூலியை இரண்டாயிரம் உயர்த்தி, அதன்மேல் சதவீதம் போடாமல் விட்டால், 47,250 ரூபாய்ப் புடவை வரியோடு 49,350 ஆகும், அவ்வளவே.

நகைக்கடையில் இந்தக் குழப்பம் இல்லை. தங்கத்தின் எடை, அன்றைய விலை, சேதாரம், செய்கூலி, வரி என்று தனித்தனியாக எழுதித் தருகிறார்கள். எதில் பேரம் பேசலாம் என்று நமக்குத் தெரிகிறது. அதே குடும்பம் பத்துக் கடை தள்ளிப் புடவை எடுக்கும்போது ஒரே வரி பில்லை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறது. நகை தரத்தால் விற்கிறது, புடவை அழகால் விற்கிறது, அழகுக்கு எப்படிப் பிரித்து விலை எழுதுவது என்று வியாபாரிகள் கேட்பார்கள். வடிவமைப்புக்கு விலை வைக்கட்டும். அது அவர்கள் உரிமை. வெள்ளியின் எடை அழகு பற்றிய விஷயமல்ல. ‘ஜரிகை இத்தனை கிராம், அதில் வெள்ளி இத்தனை சதவீதம்’ என்று பில்லில் எழுதித் தரச் சொன்னால், அசலை விற்பவருக்கு ஒரு நிமிட வேலை. எழுத மறுத்தால், எதிரில் கிடப்பதை இரண்டாவது புடவையாகக் கருதி 21,750லிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.

இருபது வருடம் கழித்துத் தெருவில் ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று குரல் கொடுத்து வருபவர் அந்தப் புடவையைக் கையில் எடுப்பார். நிறத்தையோ கோர்வையையோ அவர் பார்ப்பதில்லை. கரையைப் புரட்டி, ஜரிகையை உரசி, எரித்தால் எத்தனை கிராம் வெள்ளி தேறும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்.