33 சதவீதம் கூடுதல் சம்பளம்: பெங்களூருக்குப் போகலாமா?

கையில் இரண்டு ஆஃபர். கோவையில் ஆண்டுக்கு 7.2 லட்சம் சிடிசி, பெங்களூரில் 9.6 லட்சம். வித்தியாசம் 33 சதவீதம். செலவை ஒப்பிடும் ஒரு இணையதளத்தைத் திறந்தால், பெங்களூரில் வாழ்க்கைச் செலவு கோவையைவிட 25 சதவீதம் அதிகம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 33-இல் 25 போனால் 8 மிச்சம், எனவே பெங்களூர்தான் லாபம். பலரும் இந்தக் கணக்கோடு முடிவெடுத்து, மூன்றாவது மாதம் பேங்க் பேலன்ஸைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு சதவீதங்களும் வெவ்வேறு தொகைகளின் மேல் நிற்கின்றன. ஒன்று சம்பளத்தின் சதவீதம், மற்றது செலவின் சதவீதம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க முடியாது. சரியாகப் போடும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு, கல்யாணம் ஆகாத 26 வயது டெஸ்டிங் இன்ஜினியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 10,000 அனுப்புகிறார், கல்விக் கடன் இஎம்ஐ 6,000 கட்டுகிறார். இங்கே வரும் வாடகையும் செலவும் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

1. சிடிசியை மூடி வையுங்கள், கைக்கு வருவதை எடுங்கள்

சிடிசி என்பது கம்பெனிக்கு நீங்கள் வைக்கும் மொத்தச் செலவு. அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். இருக்கிறது, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் தொகை இருக்கிறது, வேரியபிள் பே இருக்கிறது. மாதக் கடைசியில் அக்கவுண்டில் விழுவது வேறு எண்.

கோவை ஆஃபரில் 7.2 லட்சமும் ஃபிக்ஸட். பேசிக் பாதி, அதாவது 3.6 லட்சம். கம்பெனி பங்கு பி.எஃப். மாதம் 1,800, உங்கள் பங்கு 1,800. கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 17,300. தொழில் வரி 2,500. வருமான வரி இல்லை, ஏனென்றால் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி வராது. எல்லாம் போக மாதம் சுமார் 54,700 கைக்கு வரும்.

பெங்களூர் ஆஃபரில் 9.6 லட்சத்துக்குள் 96,000 வேரியபிள். அது உங்கள் ரேட்டிங்கையும் கம்பெனியின் ரிசல்ட்டையும் பொறுத்து ஆண்டு முடிவில் வரும், குறைந்தும் வரலாம். ஃபிக்ஸட் 8.64 லட்சம்தான். அதே பிடித்தங்களைப் போட்டால் கைக்கு மாதம் சுமார் 66,400.

54,700-க்கும் 66,400-க்கும் இடைவெளி 21 சதவீதம். ஆஃபர் லெட்டரின் 33 சதவீதம் வீட்டுக்கு வருவதற்குள் 21 ஆகிவிட்டது. ஆகவே ஒரு ஆஃபர் வேரியபிள் இல்லாமலும், இன்னொன்று வேரியபிளோடும் இருந்தால் சிடிசி சதவீதத்தை வைத்துப் பேசவே பேசாதீர்கள். எச்.ஆரிடம் கேட்க வேண்டியது ஒரே வரி: "மாத பே ஸ்லிப்பில் நெட் பே எவ்வளவு வரும், பிரேக்கப் அனுப்ப முடியுமா?" கேட்பதில் கூச்சம் வேண்டாம். அனுப்பத் தயங்கும் கம்பெனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

2. செலவு சதவீதத்தைக் கடன் வாங்காதீர்கள்

நம்பியோ போன்ற இணையதளங்களில் இருப்பவை, பயன்படுத்துகிறவர்களே உள்ளிட்ட விலைகள். அதன் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது, வாடகைக்குத் தனிக் குறியீடு, இரண்டும் சேர்ந்ததற்கு இன்னொன்று. எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் ஒரு எண்ணை எடுத்தால், ஊர் மாறுகிறவருக்கு மிகப் பெரிய செலவே கணக்கில் விடுபட்டுப் போகும்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. லேபர் பீரோ தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை 88 மையங்களுக்கு வெளியிடுகிறது. அதில் ஒரு ஊரின் எண்ணும் இன்னொரு ஊரின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, எது அதிகமோ அந்த ஊர் காஸ்ட்லி என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 2016-ஐ ஒவ்வொரு மையத்துக்கும் 100 என்று வைத்து, அந்த ஊரில் அதன் பிறகு விலை எவ்வளவு ஏறியது என்று மட்டும்தான் அது சொல்லும். 2016-லேயே எந்த ஊர் விலை அதிகம் என்ற தகவல் அதற்குள் இல்லை.

அதனால் உங்கள் பட்டியலை நீங்களே எழுதுங்கள். நம் டெஸ்டிங் இன்ஜினியருக்கு கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் ஷேரிங் ஃபிளாட்டில் வாடகைப் பங்கு 7,000. பெங்களூரில் ஆபீஸ் வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூர் பக்கம். அங்கே மெயின்டெனன்ஸ் சேர்த்து 14,000. இந்த ஒரு வரி மட்டும் 100 சதவீதம் ஏறுகிறது. சாப்பாடு 6,500-லிருந்து 9,000. பஸ், ஆட்டோ, பைக் டாக்ஸி 1,800-லிருந்து 3,500. போன், வைஃபை, கரண்ட் 1,700-லிருந்து 2,000, இதில் ரீசார்ஜ் விலை எந்த ஊரிலும் ஒன்றுதான். வெளியே போவது, துணிமணி, மற்றவை 4,000-லிருந்து 5,500. ஊருக்கு வந்து போகும் பஸ் கட்டணம் 2,500, இது கோவையில் இல்லாத வரி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆம்னி பஸ்ஸில் இந்த வரி எப்படிக் குதிக்கும் என்று அங்கே இருக்கும் நண்பர்களைக் கேளுங்கள்.

கூட்டினால் கோவையில் 21,000, பெங்களூரில் 36,500. ஏற்றம் 74 சதவீதம். இணையதளத்தின் 25 எங்கே, இது எங்கே! அந்த எண் பொய் என்று அர்த்தம் இல்லை. அது சராசரிக் குடும்பம் ஒன்றின் கூடை, இது உங்கள் கூடை. வாடகை அதிகம் எடுக்கும் கூடையில் சதவீதம் எகிறும், சொந்த வீட்டில் தங்கப் போகிறவருக்கு அதுவே சுருங்கும்.

வாடகை வரியை நிரப்பும்போது ஒரு எச்சரிக்கை. "பெங்களூரில் பத்தாயிரத்துக்கே கிடைக்கும்" என்பவர் எந்த ஏரியாவைச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஆபீஸிலிருந்து தூரம் போகப் போக வாடகை குறையும், சில்க் போர்டு டிராஃபிக்கில் அந்த மிச்சம் ஆட்டோவுக்கும் நேரத்துக்கும் போய்விடும். வாடகையையும் போக்குவரத்தையும் ஒரே வரியாகக் கூட்டிப் பார்த்தால் இது பிடிபடும்.

3. கழிக்காதீர்கள், வகுங்கள். பிறகு வகுத்ததையும் நம்பாதீர்கள்

வாங்குகிற சம்பளம் முழுவதையும் அந்த ஊரிலேயே செலவு செய்கிறவருக்கு, சம்பள விகிதத்தைச் செலவு விகிதத்தால் வகுப்பதே சரி. சம்பளம் 100 சதவீதம் கூடி, செலவு 60 சதவீதம் கூடினால், கழித்தால் 40 சதவீத லாபம் போலத் தெரியும். 200-ஐ 160-ஆல் வகுத்தால் 1.25 வரும், லாபம் 25 சதவீதம்தான்.

ஆனால் நம் ஆள் சம்பளம் முழுவதையும் ஊரில் செலவு செய்யவில்லை. வீட்டுக்கு அனுப்பும் 10,000-மும் இஎம்ஐ 6,000-மும் எந்த ஊரில் இருந்தாலும் மாறாது. சேமிப்புக்கும் ஊர் விலை ஒட்டாது. அதனால் அவருக்கு வகுத்தலும் பொருந்தாது. ரூபாயில் இறங்கிவிட வேண்டும்.

கோவை: 54,700-இல் செலவு 21,000, மாறாத கடமை 16,000. மிச்சம் 17,700.
பெங்களூர்: 66,400-இல் செலவு 36,500, அதே 16,000. மிச்சம் 13,900.

33 சதவீதம் கூடுதல் என்று சொன்ன ஆஃபரில் மாதம் 3,800 குறைவாக மிஞ்சுகிறது. இதே கணக்கில் செலவு உண்மையிலேயே 25 சதவீதம் மட்டும் ஏறியிருந்தால் பெங்களூரில் 24,150 மிஞ்சியிருக்கும். முடிவைத் தீர்மானித்தது சம்பளம் அல்ல, பட்டியலின் முதல் வரியில் இருந்த வாடகை. அதனால்தான் அந்த வரியை உத்தேசமாகப் போடக்கூடாது.

எதிர்த்திசையில் போகிறவருக்கு ஒரு குறிப்பு. பெங்களூரிலிருந்து கோவைக்கு வருகிறவருக்கு அதே சம்பள வித்தியாசம் 21 அல்ல, 18 சதவீதக் குறைவு. செலவு 74 அல்ல, 42 சதவீதம் இறங்கும். சதவீதம் எந்த ஊரை அடியாக வைத்தது என்று கேட்காமல் யார் சொல்லும் எண்ணையும் ஏற்காதீர்கள்.

4. முதல் மாதத்துப் பணத்தைத் தனியாக வையுங்கள்

பெங்களூரில் அட்வான்ஸ் பல மாத வாடகை. ஐந்து மாதம் என்று வைத்தால்கூட 14,000 பங்குக்கு 70,000 முடங்கும். அது செலவு அல்ல, திரும்பி வரும். ஆனால் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அங்கே சகஜம், அதைச் செலவில் எழுதுங்கள். ரீலொகேஷன் அலவன்ஸோ ஜாய்னிங் போனஸோ கேட்க இதுவே காரணம். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

5. சமப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்

பெங்களூரில் கோவை அளவுக்கே மிஞ்ச வேண்டுமானால் கைக்கு எவ்வளவு வர வேண்டும்? 36,500, 16,000, 17,700 மூன்றையும் கூட்டினால் 70,200. கோவை நெட் பேயைவிட 28 சதவீதம் அதிகம். இதுதான் உங்கள் தரை. அதற்குக் கீழே போனால் ஊர் மாறுவதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

கட்டுவதிலும் நியாயம் இருக்கலாம். அடுத்த கம்பெனி உங்கள் இப்போதைய சிடிசிக்கு மேல் 30 சதவீதம் தருகிறது என்றால் 7.2 லட்சம் 9.36 ஆகும், 9.6 லட்சம் 12.48 ஆகும். 2.4 லட்சமாக இருந்த இடைவெளி 3.12 லட்சமாக விரிகிறது. உங்கள் ஸ்கில்லுக்கு பெங்களூரில் கம்பெனிகள் அதிகம் என்றால், மாதம் 3,800 இழப்பை ஒன்றரை வருடம் தாங்குவது நல்ல பேரம்தான். கல்யாணமாகி, ஊர் மாறினால் கணவரோ மனைவியோ வேலையை விட வேண்டியிருக்கும் என்றால் இந்த நியாயம் நிற்காது. அங்கே இரண்டு சம்பளத்தையும் ஒன்றாகக் கூட்டித்தான் நெட் பே வரியை எழுத வேண்டும்.

பேச்சுவார்த்தையில் என்ன கேட்பது? "இன்னும் 15 சதவீதம் கூட்டுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "பட்ஜெட் இல்லை" என்று பதில் வரும். 96,000 வேரியபிளில் பாதியை, 48,000-ஐ, ஃபிக்ஸடுக்கு மாற்றச் சொல்லுங்கள். கம்பெனிக்கு மொத்த சிடிசி மாறாது, அதனால் எச்.ஆருக்கு மேலிடத்தில் கேட்பது சுலபம். உங்களுக்குக் கைக்கு மாதம் சுமார் 3,900 கூடும், சமப்புள்ளி வந்துவிடும். மீதி வேரியபிள் வந்தால் அது முழுக்க லாபம்.

மாற்ற முடியாது என்றால், முதல் ஆண்டு வேரியபிளில் குறைந்தது பாதி உறுதி என்று கேளுங்கள். போனில் தலையாட்டுவதை ஏற்காமல் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். இதை அக்செப்டன்ஸ் மெயில் அனுப்புவதற்கு முன்பும், கோவை ஆஃபரின் கெடு முடிவதற்கு முன்பும் முடித்துவிடுங்கள். கையில் இன்னொரு ஆஃபர் உயிரோடு இருக்கும்வரைதான் எச்.ஆர். உங்கள் எண்ணைக் காது கொடுத்துக் கேட்பார்.