வேலில் வந்த பச்சைக் களிம்பு: எது ஆபத்து, எது இல்லை?

போன மழைக்காலத்துல வெள்ளிமலையில ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்வராயன் மலை, அடை மழை, வீட்டுக்குள்ளேயே ஈரம். பூஜை மாடத்துல இருக்கிற பழைய வெண்கல வேலின் இலைப் பகுதியில வெளிர் பச்சையா நாலு புள்ளி. விரல் வச்சா மாவு மாதிரி ஒட்டுச்சு. "களிம்புதான்ப்பா, வெள்ளிக்கிழமை புளியும் உப்பும் போட்டுத் தேச்சா போயிடும்"னாங்க ஆயா. தேச்சாங்க, பளபளன்னு ஆச்சு. மூணு வாரத்துல அதே இடத்துல புள்ளி திரும்ப வந்துச்சு. தேய்ச்ச இடத்துல சின்னதா குழியும் விழுந்திருந்துச்சு.

இதுக்குப் பேர் வெண்கல நோய். கிருமி இல்லை, தொற்றும் இல்லை. காரணம் குளோரைடு, அதாவது உப்புல இருக்கிற பொருள். அது செம்போட சேர்ந்து குப்ரஸ் குளோரைடா மாறி, களிம்புக்கு அடியில உலோகத்தை ஒட்டி உட்காரும். ஈரமும் காத்தும் பட்டா வெளிர் பச்சைத் தூளா மாறும். அப்படி மாறும்போது அமிலம் வெளிவரும். அந்த அமிலம் பக்கத்துல இருக்கிற புதுச் செம்பைத் தின்னு திரும்பவும் குப்ரஸ் குளோரைடு ஆகும். எங்க பாஷையில சொன்னா முடிவே இல்லாத லூப். உலோகம் தீரும் வரை, இல்லைன்னா ஈரம் தீரும் வரை ஓடும். நம்ம வீட்டுல புளியோட சேர்த்துப் போடுற உப்பு, அந்த லூப்புக்குத் தீனி. மண்ணுல புதைஞ்சு கிடந்த சிலைகளுக்கு மண்ணுல இருக்கிற உப்பே போதும்.

ஆனா எல்லாப் பச்சையும் நோய் இல்லை. நல்ல களிம்பு கரும்பச்சையா, பழுப்பா, வழவழப்பா, உலோகத்தோட இறுகி இருக்கும். நகத்தால கீறினா வராது. அது உலோகத்துக்குச் சட்டை மாதிரி, தேய்ச்சு எடுக்கக் கூடாது. விளக்குல எண்ணெய் வழியுற இடத்துல வர்ற மெழுகு மாதிரி பிசுபிசுப்புப் பச்சையும் வேற விஷயம், எண்ணெயும் செம்பும் சேர்ந்து வர்றது. நோய் மட்டும்தான் வெளிர் பச்சையா, தூளா, புள்ளி புள்ளியா வரும். துடைச்சாலும் அதே இடத்துல திரும்பி வரும்.

சந்தேகம் தீர நான் செஞ்சது இது. முகமூடியும் கையுறையும் போட்டு, மூங்கில் பல்குத்தியாலயும் காய்ஞ்ச மெல்லிய பிரஷ்ஷாலயும் தூளை எடுத்துட்டு, ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்தேன். அந்தத் தூள் விஷம், ஊதித் தள்ளாதீங்க. அப்புறம் மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பாவுல வேலை வச்சு, ஒரு கிண்ணத்துல ஈரப் பஞ்சை வேல்மேல படாம வச்சு மூடினேன். ஒரு நாள்ல ஒண்ணும் தெரியலை. ரெண்டாம் நாள் காலையில மூணு இடத்துல புதுத் தூள், நாலாவது இடம் சும்மா இருந்துச்சு. இந்தச் சோதனை நோயையே தூண்டும். அதனால மூணு நாளுக்கு மேல வைக்காதீங்க, முடிஞ்சதும் உடனே உலர்த்துங்க.

நோயை வீட்டுல குணமாக்க முடியாது, நிறுத்தி வைக்கலாம். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ இருந்தா லூப் ரொம்ப மெதுவாகிடும், 35 இன்னும் நல்லது. 3 லிட்டர் டப்பாவுல 200 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப் பையில கட்டி வச்சு, கூடவே சின்ன ஈரப்பதமானியும் வச்சேன். மாடத்துல 80 காட்டின அது, ரெண்டு நாள்ல 34க்கு இறங்குச்சு. நிறம் மாறுற ஜெல் வாங்குங்க. நிறம் மாறினா பாக்கெட்ல எழுதின சூட்டுல உலர்த்தித் திரும்பப் போடலாம்.

எலுமிச்சை, வினிகர், பாலிஷ் எதுவும் வேண்டாம். யூடியூப்ல பென்சோட்ரையசோல்னு ஒரு மருந்து சொல்வாங்க. அதுவும் விஷம்தான், தெரிஞ்சவங்க கையில மட்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல 1930-களிலேயே வேதியியலாளர் எஸ். பரமசிவன், நோய் வந்த சிலைகளைக் காரக் கரைசல்ல வச்சு மின்சாரம் பாய்ச்சிக் குளோரைடை வெளியே எடுத்தார். ஆனா அதுல மேல இருக்கிற களிம்பும் சேர்ந்து போயிடும். அதனால புள்ளி பரவுதுன்னா, குழி ஆழமாகுதுன்னா, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவுல கேளுங்க.

"சாமியை டப்பாவுல பூட்டி வைக்கிறியே"ன்னு ஆயா வருத்தப்பட்டாங்க. கடைசியில ஒரு வழிக்கு வந்தோம். அபிஷேகம் புது வேலுக்கு. பழைய வேல் சஷ்டி அன்னைக்கு மட்டும் வெளியே வரும், பூ மட்டும் சாத்துவோம், தண்ணியோ பாலோ படாது. சாயங்காலம் திரும்ப டப்பாவுக்குள்ள போயிடும். ஆறு மாசம் ஆச்சு. போட்டோவை ஒப்பிட்டுப் பார்த்தேன், புதுப் புள்ளி இல்லை.