முதலில் தேதி, அப்புறம் மன்னிப்பு

தங்கச்சி, டெலிவரி தாமதமானால் முதல் வேலையாக போனை எடுத்து "மன்னிச்சிடுங்க, சீக்கிரம் தந்துடுறோம்" என்று ஸ்டேட்டஸ் போடாதே. 'சீக்கிரம்' என்பதை ஆளாளுக்கு ஒரு நாளாக எடுத்துக்கொள்வார்கள். நோட்டை எடுத்துக் கணக்குப் போடு.

மண்ணூரில் ஆரி பிளவுஸ் போட்டுத் தருகிற ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த ஆர்டரை எல்லாம் வாங்கிவிட்டாள். ஆகஸ்ட் 20-க்குள் தருவதாகச் சொன்னதில் இன்னும் 24 பிளவுஸ் பாக்கி. ஸ்டாண்டில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர். சேர்ந்து வாரத்துக்கு 6 முடிப்பார்கள். அப்படியென்றால் ஆகஸ்ட் 20-லிருந்து 4 வாரம், செப்டம்பர் 17. லைனிங் வைத்துத் தைத்து ஹூக் கட்ட வேண்டும். ஒரு ஆள் லீவு போடலாம், கரண்ட் போகலாம். அதற்கு ஒரு வாரம் சேர்த்தால் செப்டம்பர் 24. இதுதான் வெளியில் சொல்ல வேண்டிய தேதி. 17 என்று சொல்ல வாய் துடிக்கும், சொல்லாதே.

ஏன் இவ்வளவு கறார் என்கிறேன் என்றால், இரண்டாவது முறை தள்ளிப்போகிற தேதிதான் ஆளை விரட்டும். பெரிய கம்பெனிக்கே நடந்தது. 2021-ல் போச்சம்பள்ளியில் ஆலை போட்ட ஓலா எலெக்ட்ரிக், அக்டோபரில் ஸ்கூட்டர் கைக்கு வரும் என்றது. தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. டிசம்பர் 15-ல்தான் சென்னையிலும் பெங்களூரிலும் முதல் 100 பேருக்குச் சாவி கொடுத்தார்கள். சிப் தட்டுப்பாடு என்ற காரணம் உண்மைதான், அப்போது உலகம் முழுக்க அந்தப் பாடு. ஆனால் பணம் கட்டியவர் காரணத்தையா எண்ணுவார்? தேதி எத்தனை தடவை மாறியது என்றுதான் எண்ணுவார்.

கணக்கு முடிந்ததும், பதிவு போடுவதற்கு முன்னால் விசேஷம் நெருங்கியவர்களைத் தனியாகப் போனில் கூப்பிடு. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் வைத்திருப்பவள் இந்தச் சேதியை ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவளுடையதை முன்னால் எடு. முடியாதென்றால் முதுகு வேலையை விட்டுவிட்டுக் கைக்கு மட்டும் போட்டுத் தரட்டுமா என்று கேள். பாதிப் பேர் சரி என்பார்கள்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

"ஆகஸ்ட் 20-க்குள் தருவதாகச் சொன்ன ஆரி பிளவுஸ்கள் தாமதமாகின்றன. எங்களால் முடிவதற்கு மேல் ஆர்டர் எடுத்தது எங்கள் தவறு, மன்னிக்கவும். ஜூலை 15-க்கு முன் துணி கொடுத்தவர்களுக்கு செப்டம்பர் 8-க்குள், அதற்குப் பிறகு கொடுத்தவர்களுக்கு செப்டம்பர் 24-க்குள் கிடைக்கும். நடுவில் விசேஷம் இருந்தால் உடனே அழையுங்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு அட்வான்ஸும் துணியும் கேட்ட அன்றே திருப்பித் தரப்படும். செப்டம்பர் 24 வரை புது ஆர்டர் எடுக்கவில்லை."

கடைசி இரண்டு வரியை எடுத்துவிடலாமா என்று தோன்றும். அவைதான் இந்தப் பதிவின் உயிர். துணி அவர்களுடையது, பட்டுப் புடவையில் வெட்டிய பிளவுஸ் பிட். அது உன்னிடம் மாட்டிக்கொண்டதோ என்ற பயம்தான் கோபமாக வருகிறது. திருப்பித் தருவேன் என்று நீயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். புது ஆர்டர் நிறுத்தமும் அப்படித்தான். தாமதம் என்று சொன்ன மறுநாளே 'ஆஃபர்' போட்டால், மன்னிப்பு கேட்டது நடிப்பென்று ஆகிவிடும்.

சட்டமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதி தாண்டி வந்த பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்ற தடுக்க முடியாத காரணத்துக்கு மட்டும் விலக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும் சுற்றுப்புறமும் மூழ்கியதே, அது விலக்கில் வரும். ஆரி போடுகிற பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்பது வராது. அதனால் மழையைச் சாக்காகச் சொல்லாதே. இது சின்ன ஊர், அன்றைக்கு வெயில் அடித்தது எல்லோருக்கும் தெரியும்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பெண்கள் உன் வாடிக்கையாளர்கள். பிளவுஸ் தயாராகி, நீ கொண்டுபோகும்போது அவள் ஷிஃப்டில் இருப்பாள். போனும் லாக்கரில் இருக்கும். இன்னும் இரண்டு நாள் வீண். எந்த ஷிஃப்ட், கம்பெனி பஸ் எங்கே எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று முன்கூட்டியே கேட்டு, பஸ் நிறுத்தத்தில் கையில் கொடுத்துவிடு.

பதிவு போட்ட பிறகு வாரம் ஒரு தடவை எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று போடு. ஒருவேளை 24-ம் தேதியும் தவறும் போலிருந்தால், 20-ம் தேதியே சொல்லிவிடு. 25-ம் தேதி சொல்வது மன்னிப்பில் சேராது.

உன் ஆர்டர் நோட்டில் பெயர், அளவு, அட்வான்ஸ் எல்லாம் இருக்கும். விசேஷ தேதி இருக்கிறதா பார். இல்லையென்றால் இன்றைக்கே ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டு எழுதிவிடு.