பையன் திறந்த அதிர்ஷ்டப் பெட்டி: பணம் திரும்புமா?

கேள்வி: வக்கீல் ஐயா, காரமடை பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். ஏழாவது படிக்கிற பையன் என் போனில் ஏதோ ஒரு விளையாட்டில் அதிர்ஷ்டப் பெட்டிகளை வாங்கி, நாலு நாளில் 14,500 ரூபாயைக் கரைத்துவிட்டான். கடைசியாக வாங்கியது நேற்று ராத்திரி. எல்லாம் ப்ளே ஸ்டோர் வழியாகத்தான் போயிருக்கிறது. என் யுபிஐ பின் அவனுக்குத் தெரியுமுங்க. இது சூதாட்டம்தானே? பணத்தை வாங்க வழி இருக்குதுங்களா?

பதில்: முதலில் இன்றே கூகுள் ப்ளே தளத்துக்குப் போய், 48 மணி நேரத்துக்குள் வாங்கியவற்றுக்குப் பணம் திரும்பக் கேளுங்கள். உங்களைக் கேட்காமல் மகன் வாங்கினான் என்று காரணம் எழுதுங்கள். அதற்கு முந்தையவற்றுக்கு விளையாட்டு நிறுவனத்துக்குத் தனியாக எழுத வேண்டும். எழுதியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சூதாட்டம் என்ற உங்கள் கோபம் நியாயமானது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கட்டவைப்பது அந்தப் பெட்டி. பெல்ஜியத்தில் 2018-இலேயே இவற்றைச் சூதாட்டம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் நம் நாட்டின் 2025 ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணமோ ஆதாயமோ கிடைக்கும் என்று பணம் கட்டி ஆடுவதைத்தான் தடுக்கிறது. பெட்டியில் வரும் உடையும் துப்பாக்கியும் விளையாட்டுக்கு வெளியே செல்லாது என்றால், அந்தச் சட்டத்தை நம்பி வழக்குத் தொடர நான் சொல்லமாட்டேன்.

பலமான வாதம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சிக்கல் என்னவென்றால், வாங்கியது உங்கள் கணக்கு, அடித்தது உங்கள் பின். ஆவணப்படி வாங்கியவர் நீங்கள். வங்கியும் அதையே சொல்லும். நுகர்வோர் உதவி எண் 1915-இலும், பிறகு கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம். ஆனால் விளையாடியது பையன்தான் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அதனால்தான் பூட்டு முக்கியம். பையனுக்கு உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்குத் தொடங்கி Family Link-இல் சேருங்கள். வாங்கும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். இனி தகராறு வந்தால், வாங்கியவர் சிறுவர் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி.

உங்கள் போனில் ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் Purchase verification-ஐ Always என்று மாற்றுங்கள். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் தேர்வு வேண்டாம். ஒருமுறை கடவுச்சொல் போட்டதும் அரை மணி நேரம் குழந்தைகள் தடையின்றி வாங்க விட்டதற்காகவும்தான் அமெரிக்காவில் 2014-இல் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலர் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. பையனின் விரல்ரேகை உங்கள் போனில் பதிந்திருந்தால் அதையும் நீக்குங்கள்.

இந்தப் பூட்டுகள் ப்ளே ஸ்டோர் வழியாகப் போகும் பணத்தை மட்டுமே தடுக்கும். வெளித்தளங்களில் யுபிஐ மூலம் நாணயம் வாங்கினால் இவை பயன்படா. ஆகவே யுபிஐ பின்னை இன்றே மாற்றுங்கள். புதியதைப் பையன் எதிரில் அடிக்காதீர்கள்.