குசினியில் தீ: சாப்பிடுபவர்களுக்கு என்ன சொல்வது?

நம் மொன்றியல் உணவகங்களில் மூன்று மொழிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்கள். குசினியில் தீப்பிடித்தால் முதலில் பாட்டை நிறுத்துவோம். பிறகு உரத்து, ஆறுதலாக: "ஃபோ டான் லா குய்சீன். சொர்த்தே பார் லா போர்த் அவான்." அதையே ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்வோம்: "குசினியில் தீ. முன்கதவால் வெளியே போங்கோ." (குசினி, குய்சீன்: காதுக்கு அதிக தூரமில்லை.)

"சின்னத் தீ" என்றால் கோப்பையை முடித்துவிட்டே எழும்புவார்கள்.

மொழி விளங்காதவருக்குக் கைதான் அறிவித்தல். 1977இல் அமெரிக்காவின் கெண்டக்கியில், பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் தீயின்போது இளம் பணியாளர் ஒருவர் மேடையேறி வாசல்களைக் காட்டினார். பலர் தப்பினர், சிலரோ அதை நகைச்சுவை நிகழ்ச்சியின் பகுதியென நினைத்து இருந்துவிட்டனர். 165 பேர் இறந்தனர்.

ஒருவர் அறிவிக்கும்போதே இன்னொருவர் 911ஐ அழைக்கட்டும். குளிர்கால கோட் எடுக்க எவரையும் திரும்ப விடவேண்டாம்.